தொடர் ஓட்டத்தில் கை தட்டும் முன்பே ஓடிவிடுகிறார்கள்: நீக்குவதா, விட்டுவிடுவதா?

கணக்கெழுதி

சிறுவர் குழு ஒன்றுக்கு வாரம் ஒரு முறை விளையாட்டு நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 24 பிள்ளைகள், எல்லோருக்கும் ஏழெட்டு வயது. ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறார்களே தவிர, அணி என்று ஒன்றில் சேர்ந்து ஆடியதில்லை. நானும் பயிற்சியாளன் இல்லை.

போன வாரம் தொடர் ஓட்டம் வைத்தேன். அணிக்கு எட்டுப் பேராக மூன்று அணிகள். 15 மீட்டர் தள்ளி ஒரு கூம்பு. அதைச் சுற்றிக்கொண்டு வந்து அடுத்தவர் கையைத் தட்ட வேண்டும். தட்டிய பிறகுதான் அவர் புறப்படலாம். முதல் இரண்டு பேர் வரை ஒழுங்காகப் போயிற்று. அதன் பிறகு, வருகிறவன் இன்னும் நாலு எட்டு தூரத்தில் இருக்கும்போதே நிற்கிறவன் பறந்துவிட்டான். ஓர் அணியைப் போட்டியிலிருந்து நீக்கினேன். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அழுதார்கள். தவறு செய்த பையன் மட்டும் எதுவும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். மனம் கேட்கவில்லை, அடுத்த சுற்றில் கண்டும் காணாமல் இருந்தேன். மூன்று அணிகளும் அழுகுணி ஆட்டம் ஆடித் தீர்த்தன. கடைசி வரை கோட்டிலேயே நின்று தட்டு வாங்கிப் போன ஒரு சிறுமி என்னிடம் வந்து, “நான் மட்டும் எதற்கு நின்றேன்?” என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீக்கினாலும் தவறு, விட்டாலும் தவறு என்றால் நடுவில் என்னதான் செய்வது?

இரும்புக்கோடு

நீங்கள் முதலில் செய்ததுதான் சரி. நீக்குங்கள். இரண்டு வாரம் அழுவார்கள், மூன்றாவது வாரம் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்களின் 4x100 மீட்டரில் 20 மீட்டர் எல்லைக்குள் பேட்டனை மாற்றாவிட்டால் அணியே வெளியே. பேட்டன் கீழே விழுந்தாலும் வெளியே. யாரும் அங்கே பாவம் பார்ப்பதில்லை. சின்ன வயதில் சலுகை கொடுத்துப் பழக்கினால் பெரியவனானதும் சலுகைதான் கேட்பான்.

ஓட்டக்காரன் அப்பா

நல்ல நேரத்தில் இந்த இழை வந்தது. என் மகன் பள்ளியின் 4x100 அணியில் இரண்டாவதாக ஓடுகிறான். பேட்டனை இடது கையில் வாங்கி வலது கைக்கு மாற்ற வேண்டுமா, வாங்கிய கையிலேயே வைத்து ஓட வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பழைய விசில்

ஓட்டக்காரன் அப்பா, கை மாற்றக் கூடாது. முதல் ஆள் வலது கையில் எடுத்துப் போய் இரண்டாமவரின் இடது கையில் கொடுப்பார். அவர் இடது கையிலேயே வைத்து ஓடி மூன்றாமவரின் வலது கையில் கொடுப்பார். இதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேசுவது ஏழு வயதுக் குழந்தைகளைப் பற்றி.

இரும்புக்கோடு, உங்கள் விதிகளில் கொஞ்சம் திருத்தம். எல்லை இப்போது 20 இல்லை, 30 மீட்டர். முன்பு முடுக்கத்துக்கென்று தனியாக விட்டிருந்த 10 மீட்டரையும் அதோடு சேர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேட்டன் விழுந்தால் அணி வெளியேறுவதும் இல்லை. யார் கையிலிருந்து விழுந்ததோ அவரே எடுத்துத் தொடரலாம். அதனால் தூரம் குறையக் கூடாது, அடுத்தவரை இடைஞ்சல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லைக்குள் மாற்றினார்களா என்று பார்க்கும்போது நடுவர் ஓடுகிறவரின் காலைப் பார்ப்பதில்லை, பேட்டன் எங்கே இருந்தது என்றுதான் பார்க்கிறார். விதி ஒரு பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கணக்கெழுதியின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கெழுதி, நீங்கள் சொன்ன ஆட்டத்தில் விதி எங்கே இருக்கிறது? காற்றில் இருக்கிறது. இரண்டு கைகள் கால் வினாடி தொட்டுக்கொள்கின்றன. தொட்டதா, தொடவில்லையா? எந்தத் தடயமும் இல்லை. அந்தப் பையன் விழித்துக்கொண்டு நின்றான் என்கிறீர்கள். அது நடிப்பு இல்லை. தான் தொட்டதாகவே அவன் நம்பியிருப்பான். அவன் காதில் அணியில் மற்றவர்கள் “ஓடு, ஓடு” என்று கத்துகிறார்கள், கண் கூம்பின் மேல் இருக்கிறது, கை எங்கோ பின்னால் நீட்டியிருக்கிறது. ஏழு வயதில் இவ்வளவையும் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்பது எளிதல்ல.

இனி எண்களைப் பாருங்கள். இந்த வயதில் 15 மீட்டர் போய்த் திரும்பி வரப் பத்து வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு 80 வினாடி. அதில் ஒரு பிள்ளை ஓடுவது 10 வினாடி, நிற்பது 70 வினாடி. நிற்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வரிசை அங்குலம் அங்குலமாக முன்னால் நகரும். வருகிறவன் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும்போதே அடுத்தவன் கிளம்பினால் அரை வினாடி மிச்சம். ஏழு மாற்றங்களுக்கு மூன்றரை வினாடி. அந்த வேகத்தில் அது பத்து மீட்டருக்கும் மேல். அந்தச் சிறுமி உங்களிடம் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். நேர்மையாக நின்றவர்கள் நிச்சயம் தோற்கும்படி ஆட்டத்தை அமைத்துவிட்டு, பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். நால்வர் அணி, ஆறு அணிகள். இப்போது நிற்கும் நேரம் 30 வினாடிதான். கை தட்டுவது கிடையாது. கையில் ஒரு பொருள் போக வேண்டும். பேட்டனை விட மென்மையான ரப்பர் வளையம் நல்லது. உலகத் தடகள அமைப்பின் சிறுவர் தடகளத் திட்டத்திலும் வளையம்தான் கொடுக்கிறார்கள். வளையத்தில் ஒரு வசதி உண்டு. ஒருவர் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்க, மற்றவர் எதிர்ப்பக்கத்தைப் பிடிப்பார். ஒரு கணம் இருவர் கையும் அதில் இருக்கும். அந்த ஒரு கணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வளையம் இல்லாமல் ஓடினால் ஓடியதே கணக்கில்லை என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, வெறுங்கையோடு ஓடுகிறவனே பாதி வழியில் திரும்பிவிடுவான்.

அடுத்தது நிற்கும் இடம். தரையில் ஒரு பெரிய வளையத்தைப் போட்டு, பொருள் கைக்கு வரும் வரை ஒரு கால் அதற்குள் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஓடி வருகிறவர் நேரே முன்னால் வந்து கொடுக்கக் கூடாது. நிற்கிறவரைக் கடந்து போய், பின்னால் இரண்டு மீட்டரில் வைத்திருக்கும் கூம்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து கொடுக்க வேண்டும். வளையம் பின்னாலிருந்து வருவதால் முன்னால் நகர்ந்து போய் வாங்க வழியே இல்லை. சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குத் தண்டனை: திரும்பி வந்து வளையத்துக்குள் கால் வைத்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். மூன்று மீட்டர் போனவன் நின்று, திரும்பி, வந்து, போக இரண்டு மூன்று வினாடியாவது ஆகும். திருடியது அரை வினாடி, கட்டியது அதைப்போல் ஐந்து மடங்கு. யாரும் அழுவதில்லை, ஆட்டமும் நிற்பதில்லை. நீக்கினால் ஒருவனின் அரை வினாடிக்காக மற்றவர்கள் மொத்தத்தையும் இழக்கிறார்கள். விதி என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியாது, பெரியவரின் கோபம் மட்டும்தான் புரியும்.

இரும்புக்கோடு

30 மீட்டர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், நான் ஓடிய காலத்துக் கணக்கைச் சொல்லிவிட்டேன். ஆனால் “திரும்பி வா” என்பது தண்டனையா? பாதிப் பிள்ளைகள் காதிலேயே வாங்காமல் ஓடுவார்கள். அப்போது?

பழைய விசில்

ஓடுவார்கள். அதனால் திருப்பிக் கூப்பிடும் வேலையை நான் செய்வதில்லை. அணியில் அடுத்து ஓடப்போகிறவர் கால் பார்க்கும் ஆள். எதிரணிக்காரரை அங்கே நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன், சரியாக நின்ற காலுக்கும் “தப்பு” என்று கத்தினார்கள். சொந்த அணியைச் சேர்ந்தவர் என்றால் அவர் குரல் உதவியாகிறது. “இரு, இரு, இரு… போ!” என்பார். அந்த “இரு” முக்கால்வாசிக் கால்களைப் பிடித்து வைத்துவிடும்.

ஓட விடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்தே போகச் சொல்லுங்கள். அந்தச் சுற்றில் நீங்களே வேண்டுமென்று தவறு செய்யுங்கள். வளையம் வாங்காமல் நடந்து போங்கள், கண்டுபிடிக்கட்டும். விதி புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் “புரிந்தது” என்பார்கள், அதை நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் தவறைக் கண்டுபிடித்து யார் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் புரிந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. சுற்றி வருகிறவரும் நிற்கிறவரும் முட்டிக்கொள்ளும் ஆபத்து இந்த முறையில் உண்டு. எப்போதும் நிற்கிறவரின் வலப்பக்கமாகவே கடக்கச் சொல்லுங்கள், அணிகளுக்கு நடுவே மூன்று மீட்டராவது விடுங்கள்.

வெண்டைப்பூ

எல்லாம் சரி, ஆனால் எங்கள் வீட்டுப் பாடு வேறு. என் மகள் மெதுவாக ஓடுவாள். விதியை மீறாமல், கோட்டில் நின்று, வளையத்தை வாங்கி, தன்னால் முடிந்தவரை ஓடுவாள். திரும்பி வருவதற்குள் அணி தோற்றிருக்கும். “நீ எங்கள் அணிக்கு வேண்டாம்” என்று ஒரு பையன் சொன்னானாம். அதன் பிறகு விளையாட்டு நாள் என்றாலே வயிற்றுவலி. நேர்மை என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கணக்கெழுதி

இது என் குழுவிலும் நடந்தது. 24 பேர் என்றேன், ஆனால் எப்போதும் ஒருவர் இருவர் வருவதில்லை. ஆள் குறைந்த அணியில் ஒருவர் இரண்டு முறை ஓட வேண்டும் என்றதும் வேகமாக ஓடுகிறவனையே தள்ளிவிட்டார்கள். எதிரணி அதற்கும் சண்டை.

பழைய விசில்

வெண்டைப்பூ, தொடர் ஓட்டத்தின் பெரிய குறையே இதுதான், மறைக்க முடியாது. ஒவ்வொருவர் ஓடுவதையும் எல்லோரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். கடைசி ஆள் என்றால் இன்னும் மோசம், மைதானமே பார்க்கும். உங்கள் மகளை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஓட விடச் சொல்லுங்கள். அது ஒட்டுப்போடுகிற வேலைதான், ஆனால் உடனே செய்யக்கூடியது.

இன்னும் நல்ல வழி, அணிகளை ஒன்றோடொன்று மோதவிடாமல் ஒவ்வோர் அணியையும் அதன் முந்தைய நேரத்தோடு மோதவிடுவது. முதல் ஓட்டத்தில் 46 வினாடி எடுத்த அணி அடுத்ததில் 44 எடுத்தால் அதற்கு ஒரு புள்ளி. 38-லேயே நின்ற அணிக்குப் புள்ளி இல்லை. இப்படி வைத்தால், மெதுவான பிள்ளையை யாரும் ஏசுவதில்லை. அவள் வேகம் முதல் நேரத்திலேயே அடங்கிவிட்டது. எங்கே நேரம் குறையும் என்று பார்த்தால் வளையம் மாற்றுகிற இடத்தில்தான். அங்கே மெதுவாக ஓடுகிறவள் கெட்டிக்காரியாக இருக்க முடியும்.

ஆள் குறைவுக்குச் சீட்டுக் குலுக்குங்கள். இரண்டு முறை ஓடுகிறவர் யார் என்பதை அணி தீர்மானிக்கக் கூடாது.

வெண்டைப்பூ

அவளை முதல் ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடச் சொல்லி அணித்தலைவன் சொல்லிக்கொடுத்தால்?

பழைய விசில்

சொல்லிக்கொடுப்பான். எட்டு வயதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏழு வயதில் இல்லை. நான் முதல் ஓட்டம் முடியும் வரை நேரக்கணக்கு வரப்போகிறது என்றே சொல்வதில்லை. ஒரு முறைதான் பலிக்கும், அடுத்த வாரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கூடைக்காரி

நான் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவள். தொடர் ஓட்டத்திலேயே ஏன் நிற்கிறீர்கள்? அதில் விதி ஒரே இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. பந்து வந்தால் ஒவ்வொரு வினாடியும் சோதனை.

நான் புதியவர்களுக்கு முதலில் வைப்பது ஐந்து பாஸ் ஆட்டம். கூடை இல்லை, கோல் இல்லை. ஒரு பக்கம் பத்து மீட்டர் இருக்கும் ஒரு சதுரம். நால்வர் பந்து வைத்திருப்பார்கள், இருவர் மறிப்பார்கள். தொடர்ந்து ஐந்து முறை கைமாற்றினால் ஒரு புள்ளி. விதிகள் மூன்றே மூன்று: பந்தோடு ஓடக் கூடாது, பந்து வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்கக் கூடாது, மறிப்பவர் ஒரு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும். அதையும் ஒரே நாளில் சொல்வதில்லை. முதல் நாள் “பந்தோடு ஓடக் கூடாது” மட்டும். ஐந்தே நிமிடத்தில் யாராவது ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துப் பிடுங்குவான், மற்றவர்கள் “இது நியாயமில்லை” என்று என்னிடம் ஓடி வருவார்கள். “அப்படியானால் என்ன விதி வேண்டும்?” என்று கேட்பேன். அவர்களே சொல்வார்கள். நான் சொன்ன விதியை விட அவர்கள் கேட்டு வாங்கிய விதி அதிக நாள் நிற்கிறது.

ஆறு பேர், ஒரு பந்து, அதற்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் பாதிப் பேர் பந்தைத் தொடவே மாட்டார்கள். வெண்டைப்பூவின் மகளுக்கும் இது பொருந்தும். ஓட்டம் மெதுவானாலும் இடம் பார்த்து நிற்கத் தெரிந்தால் போதும்.

விசில் ஊதுவதும் இல்லை. பறக்கும் தட்டு ஆட்டத்தில் உலகப் போட்டியில்கூட ஃபவுலை ஆடுபவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். மற்றவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பிப் போகிறது. அதையே எடுத்துக்கொண்டேன். “நான் நடந்துவிட்டேன்” என்று தானே சொன்னால் பந்து மறிப்பவருக்கு. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் பந்து முன்பு இருந்த இடத்திலிருந்து மறுபடி.

இரும்புக்கோடு

இதில்தான் எனக்குச் சந்தேகம். நடுவர் இல்லாத இடத்தில் யார் குரல் பெரியதோ அவன் சொல்வதுதான் விதி. நான் பார்த்த சிறுவர் ஆட்டங்களில் எல்லாம் ஒருவன் கத்துவான், மற்றவன் பந்தைக் கொடுத்துவிடுவான். அதற்கு ஒப்புதல் என்று பெயர் வைக்காதீர்கள்.

கூடைக்காரி

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் குழுவில் ஒருவன் அப்படித்தான். எத்தனை முறை “மறுபடி” ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் ஒன்றிரண்டு வந்தால் ஆட்டம் சரியாக நடக்கிறது. ஒன்றுகூட வராவிட்டால்தான் யாரோ பயந்து விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பொருள். அப்போது நான் உள்ளே போவேன். அந்தப் பையனை வேறு சதுரத்துக்கு மாற்றினேன், அங்கேயும் அதையே செய்தான். அவனுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

கணக்கெழுதி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

ஆறு அணிகள், நால்வர் வீதம். ரப்பர் வளையம் கிடைக்கவில்லை, பழைய தோட்டக்குழாயை வெட்டி ஒட்டி வளையமாக்கினேன். முதல் வாரம் பின்னால் கூம்பு வைக்க மறந்துவிட்டேன், பழைய கதையே. இரண்டாவது வாரம் வைத்தேன். நான்கு ஓட்டங்களில் நான் பார்த்தவரை ஆறு முறைதான் கால் வெளியே வந்தது. அதில் நான்கு பேர் “இரு” என்ற குரல் கேட்டுத் தாமே திரும்பினார்கள். இரண்டு முறை கீழே விழுந்த வளையத்தை வாங்க வேண்டியவர் எடுத்து ஓடினார். விழுந்ததை யார் எடுப்பது என்று நான் சொல்லித்தரவே இல்லை, என் தவறு.

சொல்ல வேண்டியது வேறு. மூன்றாவது ஓட்டத்தில் ஒரு பையன் புறப்பட்டு நாலைந்து எட்டு போய்விட்டான். அவன் அணியில் யாரும் கவனிக்கவில்லை, நான் அடுத்த அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று நின்றான். குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து வளையத்துக்குள் காலை வைத்து, ஒரு முறை அழுத்தி மிதித்துவிட்டு ஓடினான். அவன் அணி நான்காவதாக வந்தது. உட்கார்ந்ததும் அவன் தோழன் அவன் முதுகில் குத்தி, “யாரும் பார்க்கவில்லையே, ஏன் திரும்பினாய்?” என்றான். பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் போய் அவனை எல்லோர் முன்னாலும் பாராட்டவா, தோழனைக் கண்டிக்கவா என்று யோசிப்பதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் நேர்மைக்கென்று தனிப் புள்ளி வைக்கலாமா?

வெண்டைப்பூ

வையுங்கள். நல்லது செய்தவன் திட்டு வாங்கி வீட்டுக்குப் போகக் கூடாது.

பழைய விசில்

வைக்காதீர்கள். ஒரு பருவம் முழுக்க வைத்துப் பார்த்தவன் நான். தானே தவறைச் சொன்னால் ஒரு புள்ளி என்றேன். மூன்றாவது வாரத்தில் ஒருத்தி செய்யாத தவறையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். “என் கால் வெளியே வந்தது, என் கால் வெளியே வந்தது.” கால் உள்ளேதான் இருந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும். புள்ளி கிடைக்கும் என்றால் நேர்மையையும் திருடுவார்கள்.

பாராட்ட வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்து காலணி மாட்டும்போது அவனிடம் மட்டும், “திரும்பி வந்ததைப் பார்த்தேன்” என்று சொல்லுங்கள். மூன்று சொல் போதும்.

கூடைக்காரி

எனக்கு இதில் உடன்பாடில்லை. பார்த்தேன் என்று தனியாகச் சொன்னால் அந்தத் தோழனுக்கு என்ன தெரியும்? அவன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நானாக இருந்தால் அடுத்த வாரம் ஓட்டத்துக்கு முன் அந்தக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் எல்லோரிடமும் கேட்பேன்: யாரும் பார்க்காதபோது கால் வெளியே வந்தால் என்ன செய்வது? பதிலை நான் சொல்ல மாட்டேன்.

இரும்புக்கோடு

பாதிப் பேர் “ஓடிவிடுவேன்” என்பார்கள். பிறகு?

கூடைக்காரி

“எதிரணியில் ஒருவர் அப்படி ஓடினால்?” என்று கேட்பேன். அப்போது சத்தம் போடுவார்கள் பாருங்கள்.

கணக்கெழுதி

இரண்டையும் செய்கிறேன். அந்தப் பையனிடம் தனியாக, கேள்வியை எல்லோரிடமும். விழுந்த வளையத்தை விட்டவரே எடுக்க வேண்டும் என்பதையும் நடைச் சுற்றில் காட்டிவிடுகிறேன். ஐந்து பாஸுக்கு எந்தப் பந்து நல்லது, கூடைப்பந்து இந்தக் கைகளுக்குப் பெரிதாக இருக்குமே?

கூடைக்காரி

பெரிதுதான், விரலிலும் படும். இரண்டு கையால் பிடித்தால் விரல் நுனிகள் தொடாத அளவில், கொஞ்சம் காற்று இறங்கிய மென்மையான பந்து எடுங்கள். காற்று இறங்கியிருந்தால் எகிறி ஓடாது, துரத்துவதிலேயே நேரம் போகாது.

ஓட்டக்காரன் அப்பா

இடையில் மன்னிக்கவும். இரண்டாமவர் இடது கையில் வாங்கினால் அவர் தடத்தின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பழைய விசில்

வெளிப்பக்கம். கொடுப்பவர் வளைவில் உள்கோட்டை ஒட்டி வருவார். மீதியைத் தனி இழையில் கேளுங்கள், வருகிறேன்.